முகத்தின் மேல் விழுந்த பச்சை ஃப்ளேர் வட்டம்: பக்கத்தில் இருக்கும் முடி இழை கெடாமல் எடுப்பது எப்படி?

மாலைவெயில் | 3 பிப்ரவரி, இரவு 9:12

எதிர்வெயிலில் எடுத்த முகப்படம். சூரியன் மேல் இடது மூலையில். வலப்பக்கம் நிற்பவரின் கன்னத்தில் தொடங்கி, காதோர முடி வரைக்கும் ஒரு பச்சை வட்டம், ஏறக்குறைய 140 பிக்ஸல் அகலம். ஹீலிங் பிரஷ் போட்டால் கன்னம் சரியாகிவிடுகிறது. ஆனால் காதோரம் தனித்தனியாகத் தெரியும் முடி இழைகள் எல்லாம் கூழாகிவிடுகின்றன. குளோன் செய்தால் ஒரே இழை இரண்டு இடத்தில் தெரிகிறது. ரா கோப்பு கையில் இருக்கிறது. முடியைத் தொடாமல் வட்டத்தை மட்டும் எடுக்க வழி உண்டா?

சித்திரன் | 3 பிப்ரவரி, இரவு 9:40

ரொம்ப யோசிக்காதீங்க. மேலே ஒரு புது லேயர், மோட் Color. பக்கத்துல இருக்கிற தோல் நிறத்தை எடுத்து மென்மையான பிரஷ்ல வட்டத்து மேல பூசுங்க. Color மோட் நிறத்தை மட்டும்தான் மாத்தும், இழையைத் தொடாது. முடிக்கு முடி நிறம் எடுத்துப் பூசணும்.

மாலைவெயில் | 3 பிப்ரவரி, இரவு 10:25

செய்து பார்த்தேன். பச்சை போனது. ஆனால் வட்டம் வெளிறிய திட்டாக அப்படியே நிற்கிறது. கருப்பு முடி அந்த இடத்தில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது.

கதிர்மதி | 3 பிப்ரவரி, இரவு 11:03

சித்திரன் சொன்னது பாதி சரி. நிறம் போகும், வெளிச்சம் போகாது. இந்தப் பச்சை வட்டம், அதாவது கோஸ்ட், படத்தின் மேல் அடித்த சாயம் அல்ல. லென்ஸின் கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே இரண்டு முறை எதிரொளித்து சென்சாரில் வந்து விழுந்த கூடுதல் வெளிச்சம். முகத்திலிருந்து வந்த ஒளி அங்கே முழுசாகப் பதிவாகியிருக்கிறது, அதன் மேல் இன்னொரு ஒளி கூட்டப்பட்டிருக்கிறது. கூட்டியதைக் கழித்தால் போதும், முடி அடியிலேயே இருக்கிறது. வேறு இடத்திலிருந்து முடியைக் கொண்டுவர வேண்டியதே இல்லை. பிக்ஸல் உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் இது பொருந்தாது.

ஆனால் எங்கே கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் படத்தைப் போலவே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பச்சை சேனல் மட்டும். வட்டத்துக்கு வெளியே தோல் 132, முடி 30. இவை திரையில் நாம் பார்க்கும் 0–255 எண்கள். அதையே ஒளியளவாக மாற்றினால் தோல் 0.23, முடி 0.013. கோஸ்ட் இரண்டின் மேலும் ஒரே அளவு, 0.08 என்று வையுங்கள். கூட்டித் திரும்ப 0–255க்கு வந்தால் தோல் 151, முடி 86.

அதாவது ஒரே வெளிச்சம் தோலில் 19 எண்ணும் முடியில் 56 எண்ணும் ஏற்றியிருக்கிறது. இருட்டான இடத்தில்தான் கோஸ்ட் கண்ணை உறுத்தும் என்பதற்கு இதுவே காரணம். சாதாரண 8 பிட் படத்தில் 19 கழித்தால் தோல் சரியாகும், முடி 67இல் பச்சையாகவே நிற்கும். 56 கழித்தால் முடி சரியாகும், தோல் 95க்கு இறங்கி மெஜந்தா திட்டாகும். இந்த எண்களில் எந்த ஒரே அளவைக் கழித்தாலும் இந்தச் சிக்கல்தான். லீனியர் ஒளியில், அதாவது அந்த ஒளியளவிலேயே, கழித்தால் இரண்டுக்கும் ஒரே எண், 0.08.

முகில்_ப | 4 பிப்ரவரி, காலை 7:15

எனக்கும் இதே பிரச்சினை! இரவு நேரத்துல ஃப்ளாஷ் போட்டு எடுத்தா படம் பூரா வெள்ளை வெள்ளையா வட்டம் மிதக்குது. அதுக்கும் இந்தக் கழித்தல் போதுமா?

தேன்மொழி | 4 பிப்ரவரி, காலை 8:02

முகில், அது கோஸ்ட் இல்லப்பா. லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்துல மிதக்கிற தூசியோ நீர்த்துளியோ ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புது. ஃபோகஸ்ல இல்லாததால வட்டமா விரியுது. ஃப்ளேர் கோஸ்ட்னா வெளிச்ச மூலத்துலேர்ந்து படத்தோட நடுவு வழியா ஒரு கோடு போட்டா அந்தக் கோட்டு மேல உட்கார்ந்திருக்கும். உங்க வட்டங்கள் எங்க வேணா சிதறிக் கிடக்கும். ஃப்ளாஷை லென்ஸை விட்டுத் தள்ளிப் பிடிச்சு எடுத்துப் பாருங்க.

ஒளிக்கீற்று | 4 பிப்ரவரி, காலை 9:30

கதிர்மதி சொன்னதைச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு:

```python
def lin(v):
    v = v / 255
    return v / 12.92 if v <= 0.04045 else ((v + 0.055) / 1.055) ** 2.4

print(lin(151) - lin(132), lin(86) - lin(30))
```

இரண்டும் 0.08ஐ ஒட்டியே வரும். உங்கள் படத்தின் நான்கு எண்களை இதில் போடுங்கள். இரண்டு வித்தியாசமும் ஒத்துப்போனால் கழித்தல் வேலை செய்யும். ஒத்துப்போகாவிட்டால் இடையில் ஏதோ டோன் கர்வ் புகுந்திருக்கிறது என்று பொருள்.

கதிர்மதி | 4 பிப்ரவரி, பிற்பகல் 1:20

ஒளிக்கீற்று சொன்ன இரண்டு இடச் சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு வெளிர் இடம், ஒரு கருப்பு இடம், ஒவ்வொன்றுக்கும் வட்டத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வழிமுறை. GIMPஇல் சொல்கிறேன், அதில் லீனியர் வேலை நேரடியாகக் கிடைக்கிறது.

ரா கோப்பை RawTherapeeஇல் திறந்து `Neutral` ப்ரொஃபைல் போடுங்கள். படம் மங்கலாக, சப்பென்று தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஷார்ப்பனிங், லோக்கல் கான்ட்ராஸ்ட் எதுவும் வேண்டாம். ஒயிட் பேலன்ஸும் விக்னெட்டிங் திருத்தமும் இருக்கலாம். அவை பெருக்கல்கள், முகத்தையும் கோஸ்டையும் ஒரே விகிதத்தில் மாற்றும், கூட்டல் கூட்டலாகவே இருக்கும். டோன் கர்வ்தான் அதைக் குலைக்கிறது. sRGBயில் 16 பிட் TIFF ஆகச் சேமியுங்கள்.

GIMPஇல் `Image > Precision` போய் `32 bit floating point`, `Linear light`. பிறகு கருப்பு நிரப்பிய புது லேயர், மோட் `Subtract`. லேயரை வலது சொடுக்கி `Blend Space`, `Composite Space` இரண்டையும் `RGB (linear)` ஆக்குங்கள். கருப்பு என்றால் பூஜ்யம், எதையும் கழிக்காது.

வட்டத்தின் எல்லையை ஒட்டி நீள்வட்டத் தேர்வு போட்டு, `Feather` இல்லாமல், கோஸ்ட் நிறத்தை நிரப்புங்கள். அந்த நிறத்தை ஊகிக்க வேண்டாம், அளந்தே எடுக்கலாம். `Sample Points` பலகத்தில் `Pixel` என்று வைத்தால் 0 முதல் 1 வரை ஒளியளவாகவே எண் வரும். உள்ளே இருப்பதிலிருந்து வெளியே இருப்பதைக் கழியுங்கள், மூன்று சேனலுக்கும். சிவப்பு 0.01, பச்சை 0.08, நீலம் 0.03 என்று வந்தால் நிறப்பலகத்தில் அது `#195030`.

நிரப்பிய பின் தேர்வை நீக்கிவிட்டு அந்த லேயருக்கு `Gaussian Blur`, கோஸ்டின் விளிம்பு எவ்வளவு மென்மையோ அந்த அளவுக்கு. அளவு கொஞ்சம் கூடினால் லேயரின் ஒபாசிட்டியைக் குறையுங்கள். லீனியரில் ஒபாசிட்டி நேர் விகிதத்தில் வேலை செய்யும், 90 என்றால் 0.08இல் 90 சதவீதம் கழியும். அதனால் முதலில் சற்றுத் தூக்கலாக நிரப்பிவிட்டு ஒபாசிட்டியில் இறக்கிச் சரிசெய்வது சுலபம்.

கதிர்மதி | 4 பிப்ரவரி, பிற்பகல் 1:48

விட்டுப்போனது ஒன்று. அளவைச் சரிசெய்யும்போது தோலைப் பார்க்காதீர்கள், முடியைப் பாருங்கள். 0.01 அதிகமாகக் கழித்தால் தோலில் அது நூற்றில் நாலு பங்கு, கண்ணுக்கே தெரியாது. முடியின் மொத்த ஒளியே 0.013தான். அங்கே அதே 0.01 கழிந்தால் பச்சை செத்து முடி மெஜந்தாவாகத் தெரியும். முடியில் சரியாக இருந்தால் தோலில் தானாகச் சரியாக இருக்கும், எதிர்த்திசையில் இது உண்மையல்ல.

வட்டத்துக்குள் இருக்கும் மிகக் கருப்பான இடத்தின் எண்ணும் உதவும். கோஸ்ட் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஒரே ஒரு பிக்ஸலை நம்பாமல் சிறு பரப்பின் சராசரியாக எடுங்கள், இல்லாவிட்டால் நாய்ஸ் ஏமாற்றும்.

சித்திரன் | 4 பிப்ரவரி, மாலை 6:10

இவ்வளவு சுத்தணுமா? ஃப்ரீக்வன்சி செபரேஷன் பண்ணினா நிறமும் வெளிச்சமும் கீழ் லேயர்ல, இழை மேல் லேயர்ல. கீழ இருக்கிறதை மட்டும் சரிபண்ணினா முடி அப்படியே நிக்குமே.

கதிர்மதி | 4 பிப்ரவரி, இரவு 8:35

நிற்கும், ஆனால் வலுவிழந்து நிற்கும். மேலே உள்ள எண்களையே பாருங்கள். கோஸ்ட் இல்லாதபோது தோலுக்கும் முடிக்கும் இடையே 132 − 30 = 102. கோஸ்டுக்குள் 151 − 86 = 65. இழை லேயருக்குப் போவது இந்தச் சுருங்கிய கான்ட்ராஸ்ட்தான். கீழ் லேயரை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் வட்டத்துக்குள் முடி மட்டும் மங்கலாக, பனி மூடியது போல இருக்கும். அதோடு முடிக்கும் தோலுக்கும் இடையே உள்ள எல்லையில் ப்ளர் இரண்டையும் கலந்துவிடுவதால் ஓரத்தில் ஒளிவட்டம் வரும்.

வெறும் கன்னத்தின் மேல் மட்டும் வட்டம் இருந்தால் உங்கள் முறை வேகமானது, நன்றாகவே வரும். அங்கே கருப்பும் வெளுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை.

சித்திரன் | 4 பிப்ரவரி, இரவு 8:50

அந்த 65 கணக்கு புரியுது. ஆனா இழை லேயரை வட்டத்துக்குள்ள மட்டும் ஒன்றரை மடங்கு தூக்கினா ஈடாகுமே. அதையும் பார்க்கலாம்.

ஒளிக்கீற்று | 4 பிப்ரவரி, இரவு 9:05

முடிக்கு ஒன்றரை மடங்கு சரியாக இருக்கலாம். அதே மடங்கு தோலின் துளைகளுக்கு அதிகம். வெளிர் இடத்தில் சுருக்கம் குறைவு, இருண்ட இடத்தில் சுருக்கம் அதிகம், ஒரே மடங்கு இரண்டுக்கும் பொருந்தாது.

மாலைவெயில் | 5 பிப்ரவரி, இரவு 10:40

முதலில் சோதனை. தோலில் வித்தியாசம் 0.078, முடியில் 0.081. ஒத்துப்போகிறது. கழித்தேன். முடி இழைகள் கருப்பாகவே திரும்பி வந்தன, வட்டத்துக்கு வெளியே இருந்து உள்ளே ஓடும் ஒரு இழையைப் பின்தொடர்ந்தால் எங்கே நுழைகிறது என்றே தெரியவில்லை.

மூன்று குறைகள் மீதி. வட்டத்தின் விளிம்பில் மெல்லிய வளையம் தெரிகிறது, உள்பக்கம் மெஜந்தா, வெளிப்பக்கம் பச்சை. வட்டத்தின் கீழ்ப்பாதியில் லேசான பச்சை மிச்சம் இருக்கிறது. முடியில் நாய்ஸ் வெளியே இருப்பதைவிட அதிகம்.

கதிர்மதி | 6 பிப்ரவரி, காலை 6:55

வளையம்: உள்ளே மெஜந்தா, வெளியே பச்சை என்றால் உங்கள் வட்டத்தின் விளிம்பு நிஜக் கோஸ்டைவிடக் கூர்மையாக இருக்கிறது. நிஜக் கோஸ்ட் எல்லைக்கு முன்பே மங்கத் தொடங்கிவிடுகிறது, நீங்கள் அங்கேயும் முழு அளவு கழிக்கிறீர்கள். எல்லைக்கு வெளியே அது இன்னும் கொஞ்சம் வழிகிறது, நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். ப்ளரைக் கூட்டுங்கள். அதிகமாகக் கூட்டிவிட்டால் வளையம் தலைகீழாகும், உள்ளே பச்சை, வெளியே மெஜந்தா. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். வட்டத்தின் ஒரு பக்கம் மெஜந்தாவும் நேர் எதிர்ப்பக்கம் பச்சையும் தெரிந்தால் ப்ளர் பிரச்சினை அல்ல, வட்டம் ஓரிரு பிக்ஸல் நகர்ந்திருக்கிறது. லேயரை நகர்த்தினாலே போதும்.

கீழ்ப்பாதி: கோஸ்ட் எப்போதும் சீரான தட்டாக இருக்காது. ஒரு பக்கம் தூக்கலாக, அல்லது விளிம்பு மட்டும் பிரகாசமாக இருப்பது சாதாரணம். இன்னொரு `Subtract` லேயர் வைத்து, அதே நிறத்தின் இருண்ட வடிவத்தால் பெரிய மென்மையான பிரஷ் கொண்டு கீழ்ப்பாதியில் பூசுங்கள். இரண்டு லேயரும் சேர்ந்து கழிக்கும். பிரஷ் முடி இழையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். கோஸ்டின் வெளிச்சம் மெதுவாகத்தான் மாறும். சின்ன பிரஷ்ஷால் இழையைத் தொடர ஆரம்பித்தால் நீங்கள் கழிப்பது கோஸ்டை அல்ல, முடியை.

நாய்ஸ்: இதைத் தவிர்க்க முடியாது. கோஸ்டின் ஒளியைக் கழிக்கலாம், அது கொண்டுவந்த நாய்ஸைக் கழிக்க முடியாது. முடியில் 0.013 ஒளி இருந்த இடத்தில் 0.093 விழுந்தது, ஏழு மடங்கு. ஃபோட்டான் நாய்ஸ் அதன் வர்க்கமூலமாக, ஏறக்குறைய 2.7 மடங்கு. தோலில் 0.23 இருந்து 0.31 ஆனது, அங்கே வித்தியாசம் தெரியாது. ஆகவே கழித்த பிறகு முடியின் இருண்ட பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, நிற நாய்ஸை மட்டும் குறையுங்கள். வெளிச்ச நாய்ஸை விட்டுவிடுங்கள், அதைக் குறைத்தால் காப்பாற்றிய இழை மறுபடி கூழாகும்.

தேன்மொழி | 6 பிப்ரவரி, காலை 8:20

சீரில்லாத கோஸ்டுக்கு இன்னொரு வழி. அதே இடத்துல தொடர்ச்சியா எடுத்த படங்கள்ல, அந்தக் கோஸ்ட் ஏதாவது இருண்ட வெறும் பின்னணி மேல விழுந்த ஃப்ரேம் இருக்கான்னு தேடுங்க. இருந்தா அதை வெட்டி, பின்னணியோட சராசரியைக் கழிச்சு, லேசா ப்ளர் பண்ணி, அதையே `Subtract` லேயராப் போடுங்க. வடிவம், சாய்வு எல்லாம் தானா வந்துடும். ஆனா அதே எஃப் எண்ணா இருக்கணும், சூரியனும் ஃப்ரேம்ல கிட்டத்தட்ட அதே இடத்துல இருக்கணும். அபர்ச்சர் மாறினா கோஸ்டோட அளவும் மூலைகளும் மாறிடும்.

பனித்துளி | 6 பிப்ரவரி, இரவு 7:45

என்கிட்ட ரா இல்லை. போன் கேமரா ஜேபெக். இரவுல விளக்கு வரிசையை எடுத்தேன், அதே விளக்கு வரிசை சின்னதா, தலைகீழா, பச்சைப் புள்ளிகளா ஒருத்தர் சட்டை மேல விழுந்திருக்கு. சட்டைக் கட்டம் கெடாம எடுக்கணும்.

ஒளிக்கீற்று | 6 பிப்ரவரி, இரவு 9:15

தலைகீழாக இருப்பதே அது கோஸ்ட் என்பதற்கு அடையாளம். படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்புறம் விளக்குகளின் பிம்பம் விழுகிறது. முதலில் புள்ளிகளின் நடுவில் பச்சை சேனல் எவ்வளவு என்று பாருங்கள்.

பனித்துளி | 6 பிப்ரவரி, இரவு 9:50

நாலு புள்ளில ரெண்டு 255. மத்த ரெண்டும் 170, 180. கட்டத்துல வெளிர் இடம், கருப்பு இடம் ரெண்டையும் அந்த நிரல்ல போட்டா 0.21, 0.14னு வருது.

கதிர்மதி | 6 பிப்ரவரி, இரவு 10:30

255இல் முட்டிய இரண்டில் பச்சை சேனல் இல்லை, கழிக்க எதுவும் மிச்சமில்லை. சிவப்பு சேனல் முட்டாமல் இருந்தால் சட்டைக் கட்டம் அதில் இருக்கும். அந்தப் புள்ளிக்குள் மட்டும், `Channel Mixer` கொண்டு பச்சையைச் சிவப்பிலிருந்து கட்டியெழுப்புங்கள். எவ்வளவு விகிதம் என்பதைப் பக்கத்தில் உள்ள கெடாத சட்டையில் பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதத்திலிருந்து எடுங்கள். சட்டை ஒரே நிறத்தின் அடர்வுகளாக இருந்தால் இது நன்றாக வரும். இரண்டு வேறு நிறக் கட்டம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மாஸ்க் வேண்டும். சிவப்பிலும் கோஸ்ட் கொஞ்சம் கலந்திருக்கும், முதலில் அதைக் கழித்துவிட்டே செய்யுங்கள்.

மற்ற இரண்டில் 0.21, 0.14 என்று ஒத்துப்போகாமல் வருவது போன் படங்களில் எதிர்பார்க்க வேண்டியதே. போன் பல ஃப்ரேம்களைச் சேர்த்து, இடத்துக்கு இடம் வேறு டோன் கர்வ் போட்டிருக்கும். கருப்பு நூலுக்கு 0.14 வைத்து முதல் கழித்தல். மிச்சத்தை வெளிர் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு இரண்டாவது கழித்தல்.

ஒளிக்கீற்று | 6 பிப்ரவரி, இரவு 11:05

இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. வெளிர், கருப்பு என்று மாஸ்க் பிரித்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள நூலில் எந்த அளவு கழிப்பது? கட்டத்தின் ஓரங்கள் வண்ணக் கோடாக மாறும். ஜேபெக்கில் முதலில் டோன் கர்வை ஏறக்குறைய அவிழ்க்க வேண்டும். கர்வ்ஸ் கொண்டு வளைத்து, இரண்டு வித்தியாசமும் சமமாகும் வரை பார்த்து, அங்கே ஒரே எண்ணைக் கழித்து, பிறகு அதே கர்வைத் திருப்பிப் போட வேண்டும்.

கதிர்மதி | 7 பிப்ரவரி, காலை 7:10

இரண்டு புள்ளியை மட்டும் வைத்துப் பொருத்திய கர்வ் நடுவில் எப்படி வளையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லையே. நடுத்தர அடர்வில் மூன்றாவது இடம் ஒன்று கிடைத்தால் உங்கள் முறைதான் மேல். கிடைக்காவிட்டால், மாஸ்கை லூமினன்ஸிலிருந்தே எடுத்து மென்மையாக வைத்தால் நடு நூலுக்கு நடு அளவு கழியும், வண்ணக் கோடு குறையும். பனித்துளி இரண்டையும் செய்து பார்த்துச் சொல்லட்டும்.

முகில்_ப | 7 பிப்ரவரி, காலை 9:25

தூசி பத்திச் சொன்னதுக்கு நன்றி அக்கா. ஒரு சந்தேகம். `Dehaze` போட்டா இந்தப் பச்சை வட்டம் போகாதா?

தேன்மொழி | 7 பிப்ரவரி, காலை 9:50

போகாது. அது படம் பூரா பரவின வெளிறலுக்கு. வட்டத்துக்குள்ள கான்ட்ராஸ்ட் ஏறும், கூடவே பச்சையும் ஏறும்.

எடுக்கும்போதே காப்பாத்திக்க ஒரு வழி இருக்கு. கேமராவை அசைக்காம ரெண்டு படம் எடுங்க, ரெண்டாவதுல விரலை நீட்டி சூரியனை மட்டும் மறைச்சு. கோஸ்ட் அதுல இருக்காது. மேல வச்சு வட்டம் இருக்கிற இடத்துக்கு மட்டும் மாஸ்க். ஆள் அசைஞ்சிட்டா முடி பொருந்தாது, அப்பவும் அந்த ரெண்டாவது படம் அளவு பார்க்க உதவும்: அதே முடிக்குக் கோஸ்ட் இல்லாம எவ்வளவுன்னு நேரா தெரிஞ்சிடும். எக்ஸ்போஷரை மட்டும் மேனுவல்ல பூட்டிடுங்க, சூரியனை மறைச்சதும் ஆட்டோ ஏத்திடும்.

மாலைவெயில் | 8 பிப்ரவரி, இரவு 9:30

ப்ளர் 6இலிருந்து 11 ஆனதும் வளையம் போய்விட்டது. கீழ்ப்பாதிக்கு இரண்டாவது லேயர், `#0a2013`, 300 பிக்ஸல் பிரஷ். நிற நாய்ஸ் முடியில் மட்டும். அதன் பிறகே டோன் கர்வும் ஷார்ப்பனிங்கும் போட்டேன். ஷார்ப்பனிங் போட்டதும் காதுமடலில் வட்ட விளிம்பு மறுபடி மெலிதாகத் தெரிந்தது, 200 சதவீதத்தில் பார்த்தால் மட்டும்.

கதிர்மதி | 8 பிப்ரவரி, இரவு 10:15

காதுமடல் இருட்டு, அதனால் அங்கே தெரிகிறது. ப்ளர் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறது, ஆனால் படத்தின் ஓரத்தை நோக்கிய பக்கத்தில் கோஸ்டின் விளிம்பு வேறு மாதிரி இருக்கக்கூடும். முதல் `Subtract` லேயரில் அந்த வில்லுக்கு மட்டும் தேர்வு போட்டு, தேர்வையே 20 பிக்ஸல் `Feather` செய்து, இன்னும் 3, 4 பிக்ஸல் ப்ளர் கொடுங்கள். ஷார்ப்பனிங்கைத் தற்காலிகமாக இரண்டு மடங்கு ஏற்றி வைத்துக்கொண்டு செய்தால் விளிம்பு எங்கே மறைகிறது என்று தெளிவாகத் தெரியும்.